எல்லாமே க்ளோஸ்தான் வைத்தேன், ஒன்றும் ஏறவில்லை: ஒரு சாப்பாட்டுக் காட்சி பற்றி

குடியாத்தம் கேமரா | மே 9, இரவு 10.40

எட்டு நிமிடக் குறும்படம். எடுத்து, வெட்டி, பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டியாகிவிட்டது. எல்லாரும் "நடிப்பு நல்லா இருக்கு" என்கிறார்கள். ஒருத்தர் முகமும் மாறவில்லை.

காட்சி இதுதான். அப்பா கைலி வியாபாரி, பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் சந்தை சந்தையாகப் போகிறவர். மகன் அந்த வண்டியை விற்றுவிட்டான். அப்பா கேட்டதற்கு "கூட்டாளி எடுத்துக்கிட்டுப் போயிருக்கான், காலையில வந்துரும்" என்று பொய் சொல்கிறான். அப்பாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். ராத்திரி இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது பேச்சு வருகிறது. மூன்று நிமிடம்.

உணர்ச்சிக்கு க்ளோஸ்அப், அதிகாரத்துக்கு லோ ஆங்கிள், பலவீனத்துக்கு ஹை ஆங்கிள் என்றுதான் எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அதன்படி அப்பாவுக்கு லோ, மகனுக்கு ஹை, ஒவ்வொரு வசனத்துக்கும் பேசுகிறவர் முகத்துக்கு க்ளோஸ். அப்புறம் ஏன் ஏறவில்லை? என் சந்தேகம், கேமராதான் சரியில்லை.

சேண்பாக்கம் ஸ்டுடியோ | மே 9, இரவு 11.15

கேமராவோடு வந்த கிட் லென்ஸா? அதில் முகம் எடுத்தால் அப்படித்தான். 85 எம்எம் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நான் முகூர்த்தத்தில் பெண்ணுக்கு 85 தவிர வேறு போடுவதே இல்லை. அந்த லென்ஸ் முகத்தைச் சப்பையாக்கி அழகாகக் கொடுக்கும். 18-க்கு மூக்கு உப்பும். அது லென்ஸ் குணம்.

ஜவ்வாது மலைக்காரன் | மே 10, காலை 6.05

நானும் க்ளோஸ்அப்தான் எடுக்கிறேன். வண்டு, தட்டான், சிலந்தி. எனக்கும் ஒன்றும் ஏறவில்லை, பாதிப் படம் மங்கல். மொபைலில் ஒட்டுகிற சின்ன லென்ஸ் யாராவது வைத்திருக்கிறீர்களா?

பழைய ஃபோகஸ் | மே 10, காலை 9.30

வண்டுக்கு அப்புறம் வருகிறேன்.

குடியாத்தம் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. அப்பாவுக்கு உண்மை தெரியும் என்பது பார்க்கிறவனுக்கு எப்போது தெரிய வேண்டும்?

குடியாத்தம் கேமரா | மே 10, மதியம் 1.20

கடைசியில் சார். "வண்டிய எவ்வளவுக்குடா குடுத்த?" என்று அப்பா கேட்பார். அங்கேதான் வெடிக்க வேண்டும்.

பழைய ஃபோகஸ் | மே 10, மாலை 4.00

அப்படியென்றால் முதல் ஷாட்டிலேயே அந்த மனுஷன் முகத்தை எதற்கு இவ்வளவு கிட்டே காட்டினாய்?

உன் அப்பா வேஷக்காரர் நன்றாக நடித்திருக்கிறார் என்று நீயே சொல்கிறாய். நல்ல நடிகர் என்றால், தெரிந்துகொண்டே கேட்கிறவன் கண்ணை அவர் சும்மா வைத்துக்கொள்ள மாட்டார். டைட் க்ளோஸில் இமை அசைவதுகூட ஒரு சேதி. "வண்டி எங்கடா?" என்று முதல் தடவை கேட்கும்போதே பார்க்கிறவன் பிடித்துவிட்டான், இவருக்குத் தெரியும் என்று. மீதி இரண்டே முக்கால் நிமிடம், தெரிந்த விஷயம் எப்போது வாயால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறான்.

க்ளோஸ் வைத்தால் அந்த ஆளின் மனசுக்குள் விடுகிறோம் என்று அர்த்தம். விடக்கூடாத நேரத்தில் கதவைத் திறந்துவிட்டாய். கேமரா மேல் தப்பில்லை.

இன்னொன்று. மூன்று நிமிடத்தில் எத்தனை முகம்? எல்லாமே ஒரே அளவில் இருந்தால் கண் பழகிவிடும், கடைசி வசனத்துக்குப் போக இடமே இருக்காது. அதைவிடக் கிட்டே போனால் மூக்கு ஓட்டைதான் தெரியும்.

குடியாத்தம் கேமரா | மே 10, மாலை 4.25

லோ ஆங்கிளில் ஏற்கெனவே மூக்கு ஓட்டை தெரிகிறது சார்.

ஆரணி கூத்துப் பைத்தியம் | மே 10, இரவு 8.10

எனக்கு லென்ஸ் கணக்கெல்லாம் தெரியாது. ஃபோகஸ் ஐயா சொன்னதைப் படித்ததும் ராத்திரிக் கூத்தில் துரியோதனன் வருகிற இடம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் இருந்து பாட்டு வரும், சலங்கை கேட்கும். மேலே கிரீடம் மட்டும் ஆடும். முன்னால் உட்கார்ந்திருக்கிற குழந்தைகள் எழுந்து நின்றுவிடும். அப்புறம்தான் திரை விலகும், முகம் தெரியும். மேடையில் எதையும் கிட்டே கொண்டுவர முடியாது, எல்லாமே உங்கள் கணக்கில் வைட்தான். ஆனாலும் அந்த நேரத்தில் முகம் நம் மடியில் வந்து விழுந்த மாதிரி இருக்கும்.

அப்பாவுக்கு ஒரு திரை பிடியுங்களேன்.

பழைய ஃபோகஸ் | மே 10, இரவு 9.45

அம்மா நல்ல வழி காட்டிவிட்டார். திரை கையிலேயே இருக்கிறது, சஜஷன். அப்பாவின் தோள், பாதிப் பின்தலை, அதற்கு அப்பால் மகன் முகம். அப்பா குரல் மட்டும் கேட்கும், முகம் கிடையாது. சோற்றைப் பிசைகிற கையும் தோளும் அசையும். அந்தத் தோள் ஃப்ரேமில் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவுக்கு அந்த ஆள் மகன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பார். லோ ஆங்கிள் தேவையே இல்லை.

சஜஷனைப் பலபேர் சும்மா பேச்சுக்காட்சியில் மாற்றி மாற்றி வெட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தரை மறைக்கிறது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

சேண்பாக்கம் ஸ்டுடியோ | மே 11, காலை 10.00

ஐயா சொல்வது சரி, ஆனால் லென்ஸ் விஷயத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. தம்பி, க்ளோஸ் எந்த எம்எம்மில் எடுத்தாய்? அறை எத்தனை அடி?

குடியாத்தம் கேமரா | மே 11, காலை 11.30

பத்துக்குப் பத்து. ஒரு மூலையில் பீரோ. 18-லேயே வைத்து முகத்துக்குக் கிட்டே போய் எடுத்தேன். ஒன்றரை அடி இருக்கும். அப்பாவாக நடித்த மாமா "இலையிலயே உட்காந்துக்கடா" என்று திட்டினார்.

பழைய ஃபோகஸ் | மே 11, மதியம் 2.50

மூக்கு உப்பியது லென்ஸ் குணம் இல்லை, ஸ்டுடியோக்காரரே. நின்ற தூரத்தின் குணம்.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாகப் பன்னிரண்டு செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடியில், அதாவது 45 செ.மீ.-ல் நின்றால் மூக்கு 45-ல், காது 57-ல். மூக்கு காதைவிடக் கால் பங்குக்கு மேல் பெருத்துத் தெரியும். இரண்டு மீட்டரில் நின்றால் 200-க்கு 212, வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எந்த லென்ஸ் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. இரண்டு மீட்டரில் நின்று 18-ல் எடுத்து, அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், 85-ல் எடுத்த அதே முகம்தான் வரும், கொஞ்சம் புள்ளி தட்டும். 85 செய்கிற வேலை உங்களைத் தள்ளி நிற்க வைப்பது.

தம்பி கேமராவில் அதே அளவு முகத்துக்கு 18-ல் ஒன்றரை அடி, 50-ல் நாலடி, 85-ல் ஏழடி. பத்தடி அறையில் 50 தாராளமாக நடக்கும். கிட் லென்ஸை 55-க்குத் திருப்பி வாசற்படிப் பக்கம் போய் உட்கார். காசு செலவில்லை.

85-ன் அபர்ச்சரை 1.8-க்குத் திறந்து வைத்து இந்தக் காட்சிக்குப் போனால் இன்னொரு தொல்லை. இரண்டு மீட்டரில் ஷார்ப்பாக இருக்கிற ஆழம் ஏறத்தாழ நாலு செ.மீ.தான். மணப்பெண் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். சாப்பிடுகிறவன் ஒவ்வொரு வாய்க்கும் குனிந்து நிமிர்வான். நான் முப்பது வருடம் இதற்குத்தான் திட்டு வாங்கினேன்.

சேண்பாக்கம் ஸ்டுடியோ | மே 11, மாலை 6.30

பீரோ கண்ணாடி முன்னால் உட்கார்ந்து 18, 50 இரண்டிலும் என் மூஞ்சியை எடுத்துப் பார்த்தேன். சரிதான். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தள்ளி நின்று எடுத்தால் பின்னால் இருக்கிற சுவர் கிட்டே வந்துவிடுகிறது, பின்னணி கொஞ்சம்தான் தெரிகிறது. வீட்டின் இடுக்கு காட்ட வேண்டும் என்றால் கிட்டே போய் வைட்தானே?

பழைய ஃபோகஸ் | மே 11, இரவு 7.15

அதில் சண்டையே இல்லை. மகன் வசமாக மாட்டிக்கொண்ட இடத்தில் 24 போட்டு இரண்டரை அடியில் அவனை எடுத்தால், முகமும் கொஞ்சம் கோணும், பின்னால் அறையும் முழுசாக நிற்கும். வேண்டுமென்றே செய்தால் அதுவும் ஒரு பேச்சு. தெரியாமல் வந்தால்தான் தப்பு.

லத்தேரி டீச்சர் | மே 12, மாலை 5.40

ஹை ஆங்கிள் என்றால் பலவீனம் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 1806 ஜூலை 10 வேலூர் சிப்பாய் எழுச்சி பற்றி ஒரு வீடியோ செய்தார்கள். சிப்பாய் வேஷம் போட்ட பையன்களை மாடியிலிருந்து கீழே பார்த்து எடுத்தார்கள். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, ஒரே சிரிப்பு. அப்புறம் ஒருத்தி ஊருக்குக் கிழக்கே இருக்கிற மலைமேல் பாதி ஏறி, அங்கிருந்து கோட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். சுற்றிலும் மதில், அதைச் சுற்றி அகழி. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்ததும் கதவுக்காக ஏன் அவ்வளவு சண்டை நடந்தது என்று அந்த ஒரு ஷாட்டில் வகுப்புக்கே புரிந்துவிட்டது. நான் கரும்பலகையில் படம் போட்டு விளங்க வைக்காதது.

இரண்டும் மேலிருந்து எடுத்ததுதான். ஒன்று ஆளைச் சின்னதாக்கியது, இன்னொன்று இடத்தைச் சொன்னது.

குடியாத்தம் கேமரா | மே 12, இரவு 9.00

அப்படியென்றால் என் காட்சியில் லோ, ஹை இரண்டும் வேண்டாமா? மகன் கூனிக்குறுகி இருக்கிறான் என்று எப்படித்தான் காட்டுவது?

பழைய ஃபோகஸ் | மே 12, இரவு 10.20

நடிகன் கூனட்டும். உனக்கு எதற்கு அந்த வேலை?

உன் ஷாட்டை யோசித்துப் பார். ஒரே தரையில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர். அப்பாவைத் தரையில் கேமரா வைத்து அண்ணாந்து எடுத்திருக்கிறாய், பின்னால் கூரையும் ட்யூப்லைட்டும். மகனை நின்ற வாக்கில் குனிந்து எடுத்திருக்கிறாய், பின்னால் வெறும் தரை. இரண்டையும் மாற்றி வெட்டினால் இரண்டு பேர் பார்வையும் சேராது. அப்பா ஒரு மேடையிலும் மகன் ஒரு குழியிலும் இருக்கிற மாதிரித் தெரியும். ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்பதே போய்விட்டது. உன் கதையில் இருக்கிற வலியே, ஒரே குண்டான் சோற்றை இரண்டு பேரும் தின்றுகொண்டு ஒருத்தன் பொய் சொல்வதுதானே?

உயரம் வேறு, சாய்வு வேறு. ஜப்பானில் ஓசு என்று ஒரு இயக்குநர். பாயில் உட்கார்ந்திருக்கிறவர்களை எடுக்கக் கேமராவை ரொம்பக் கீழே இறக்கி வைப்பார், ஆனால் அநேகமாக நேராகவே பார்க்கும், அண்ணாந்து பார்க்காது. அதில் யாரும் யாருக்கும் பெரியவராகத் தெரிவதில்லை. பக்கத்தில் நாமும் உட்கார்ந்துகொண்டோம் என்று தோன்றும். நம் ஊரில் தரையில் உட்கார்ந்தவர் கண் சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். லென்ஸை அங்கே வை. ட்ரைபாட் அவ்வளவு இறங்காது, மணையை அடுக்கி மேலே ஒரு துண்டை மடித்துப் போடு.

லோ ஆங்கிள் என்றாலே அதிகாரம் என்பவர்களுக்கு ஒன்று. 1941-ல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் அந்த ஆள் தேர்தலில் தோற்றுப்போன இரவை, தரையை வெட்டிக் கேமராவை இறக்கி, கீழேயிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். தோற்றவன் மலை மாதிரி நிற்கிறான், மேலே கூரை அவனை அமுக்குகிறது.

ஜவ்வாது மலைக்காரன் | மே 13, காலை 5.50

தட்டானைக் கீழேயிருந்து எடுத்தேன். ஹெலிகாப்டர் மாதிரி இருக்கிறது. அதிகாரம் உண்டு.

குடியாத்தம் கேமரா | மே 14, இரவு 11.10

திருப்பி எடுக்கப்போகிறேன். இப்படி யோசித்திருக்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்.

தொடக்கம் வைட். அறையின் உள்மூலையிலிருந்து வாசலைப் பார்த்து. இரண்டு பேரும் பக்கவாட்டில் தெரிவார்கள், நடுவில் குண்டான். திறந்த கதவு வழியாகத் திண்ணை ஓரம், வண்டி வழக்கமாக நிற்கிற இடம், காலி. சுவரில் ஆணியில் அப்பாவின் மஞ்சப்பை. அந்தப் பை எப்போதும் வண்டிக் கொக்கியில்தான் தொங்கும் என்று படத்தின் ஆரம்பத்திலேயே காட்டியிருக்கிறேன். ஒரு ராத்திரிக்கு இரவல் கொடுக்கிறவன் பையைக் கழற்றி வைப்பானா? அதிலேயே பொய் இருக்கிறது. கவனித்தவன் கவனிக்கட்டும்.

அப்புறம் மிட் ஷாட்டில் இருவரும். அப்பா "வண்டி எங்கடா?" என்று இங்கே கேட்பார், சாதாரணமாக. மகன் பொய் சொன்னதும் அப்பா தோள் வழியாக சஜஷன். அதிலேயே இருக்கிறேன், அப்பா முகத்துக்குப் போகவே மாட்டேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் அப்பாவுக்கு க்ளோஸ், 55-ல்.

மஞ்சப்பையை மட்டும் கிட்டே காட்டுகிற இன்சர்ட் தனியாக வேண்டுமா என்பதுதான் புரியவில்லை.

லத்தேரி டீச்சர் | மே 15, காலை 7.30

இன்சர்ட் போடாதீர்கள். போட்டால் "பார், இதைப் பார்" என்று காதைப் பிடித்துத் திருகுகிற மாதிரி.

சேண்பாக்கம் ஸ்டுடியோ | மே 15, காலை 9.40

டீச்சர், படத்தை எல்லாரும் ஃபோனில் பார்க்கப்போகிறார்கள். பத்தடி அறை வைட்டில் அந்தப் பை ஓர் அரிசிமணி அளவுகூட இருக்காது. இன்சர்ட் கட்டாயம்.

ஆரணி கூத்துப் பைத்தியம் | மே 15, மதியம் 12.15

சுவருக்கு நீலம் அடித்துவிட்டால்? நீலத்தில் மஞ்சள் எங்கே இருந்தாலும் கண் போகும். எங்கள் பக்கம் பாதி வீடு நீலம்தான்.

பழைய ஃபோகஸ் | மே 15, இரவு 8.00

வண்ணம் அடிப்பது நல்ல யோசனை. இன்சர்ட்டையும் எடுத்து வை, வெட்டும்போது முடிவு செய். ஆனால் போட்டால் யார் பார்வை என்று கேள்வி வரும். அப்பா நிமிர்ந்து எங்கேயோ பார்த்தார், அடுத்தது பை என்றால், அவருக்குத் தெரியும் என்று மறுபடி முன்னாலேயே சொல்லிவிட்டாய். மகன் பார்த்தான், பை என்றால், "ஐயோ, இதை மறைக்க மறந்துட்டோமே" என்று ஆகிவிடும். அது நல்ல இடம். அதே பை, அதே அளவு, முன்னால் யார் முகம் என்பதில் கதை மாறுகிறது.

கடைசி க்ளோஸ் பற்றி. அந்த வசனத்தில் அப்பா முகம் எதற்கு? கேள்வி கேட்கிறவர் குரலே போதும். கேட்டு வாங்கிக்கொள்கிறவன் முகத்துக்குப் போ. வாயில் சோறு இருக்க வேண்டும், முழுங்க முடியக்கூடாது.

சேண்பாக்கம் ஸ்டுடியோ | மே 15, இரவு 9.05

அதெப்படி? படம் முழுக்க அப்பா முகத்தைத் திரை போட்டு மறைத்துவிட்டு, திறக்க வேண்டிய நேரத்தில் மகனைக் காட்டினால் பார்க்கிறவன் ஏமாந்து போவான். கூத்து அம்மாவைக் கேளுங்கள், திரை விலகினால் துரியோதனன் இருக்க வேண்டாமா?

ஆரணி கூத்துப் பைத்தியம் | மே 15, இரவு 9.30

இருக்க வேண்டும். நான் ஸ்டுடியோக்காரர் பக்கம்.

பழைய ஃபோகஸ் | மே 15, இரவு 9.50

நான் என் பக்கமேதான்.

குடியாத்தம் கேமரா | மே 20, இரவு 11.45

எடுத்தாகிவிட்டது. கத்திரி வெயில், ராத்திரி எட்டு மணிக்கும் சுவர் சுடுகிறது. சத்தத்துக்காக ஃபேனை நிறுத்தியதில் மாமாவுக்கு முதுகெல்லாம் நனைந்து, சஜஷனில் அந்த ஈரச் சட்டை அவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது. திட்டமிடாதது.

உயரத்தை இரண்டரை அடிக்கு இறக்கியதும் ட்யூப்லைட் ஃப்ரேமை விட்டே போய்விட்டது, வெளிச்சம் எளிதாகிவிட்டது. ஒரே தொல்லை, 55-க்குத் தள்ளி வைத்தபோது வாசற்படியில் உட்கார்ந்து எடுத்தேன், ஃபோகஸ் இரண்டு டேக் போய்விட்டது. மாமா எந்த இடத்துக்கு நிமிர்வார் என்று ஒத்திகை பார்க்கும்போதே தட்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸ் குறி போட்ட பிறகு சரியானது.

கடைசியை இரண்டு விதமாகவும் வெட்டியிருக்கிறேன். அப்பா முகத்தோடு ஒன்று, மகன் முகத்தோடு ஒன்று. பை இன்சர்ட் இரண்டிலும் இல்லை, நீலச் சுவரே போதுமாக இருந்தது.

ஃபோனில் பார்த்தவர்களுக்கு அப்பா முகம் பிடித்திருக்கிறது. சுவரில் ப்ரொஜெக்டர் போட்டுப் பார்த்தவர்கள், அப்பா முகம் அவ்வளவு பெரிதாக வந்ததும் "கொஞ்சம் ஜாஸ்தி" என்கிறார்கள், மகன்தான் பிடித்திருக்கிறது.

பழைய ஃபோகஸ் | மே 21, காலை 8.10

சுவரில் முகம் ஆறடி, ஃபோனில் கட்டைவிரல். ஒரே ஷாட்டை இரண்டு இடத்திலும் க்ளோஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எங்கே காட்டப்போகிறாய் என்று முதலில் முடிவு செய், அப்புறம் சண்டை போடலாம்.

அப்பா முகம்தான் வேண்டும் என்றால் ப்ரொஜெக்டர் பிரதிக்கு நெற்றியையும் தோளையும் கொஞ்சம் விட்டு, ஒரு சுற்றுத் தளர்வாக வெட்டிப் பார். அந்த அளவுக்கு எடுத்து வைத்திருக்கிறாயா?

குடியாத்தம் கேமரா | மே 21, காலை 8.40

இல்லை சார். மாமா மறுநாளே மீசையை எடுத்துவிட்டார்.

சேண்பாக்கம் ஸ்டுடியோ | மே 21, காலை 9.15

மகன் முகம் வைத்த பிரதியை அனுப்புங்கள், நானும் சுவரில் போட்டுப் பார்க்கிறேன். ஜவ்வாது தம்பிக்கு: ஒட்டுகிற லென்ஸ் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. பூச்சிக்கு ஒரு அங்குலம் வரை போக வேண்டும், அதற்குள் பறந்துவிடும். விடிகாலைக் குளிரில் போங்கள், அசையாது.

ஜவ்வாது மலைக்காரன் | மே 21, காலை 9.20

நான் எப்போதும் விடிகாலைதான் அண்ணா. அசையாத பூச்சியும் மங்கலாகத்தான் வருகிறது. லென்ஸை எங்கே வந்து வாங்கிக்கொள்ள?